உடன்பிறந்தவர்களுக்குப் பாகப்பிரிவினை நோட்டீஸ்: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. வீடும் நிலமும் பொதுவிலேயே கிடக்கின்றன. பேசிப் பார்த்தும் முடிவு வரவில்லை, இனி எழுத்தில்தான் கேட்க வேண்டும் என்று நினைக்கும் அண்ணனுக்கோ தம்பிக்கோ எழுதியது இது. தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களுக்கு மட்டும் பொருந்தும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு.

பெரும்பாலானவர்கள் நேராக வக்கீலிடம் போய், "நோட்டீஸ் விடுங்க சார், மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எழுதுவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் செய்து முடித்தால் நோட்டீஸ் இரண்டு மூன்று பக்கத்தில் அடங்கிவிடும்.

விளக்குவதற்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா 2019இல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா, அண்ணன், தம்பி, தங்கை இருக்கிறார்கள். தங்கைக்கு 1985இல் கல்யாணம் ஆகிவிட்டது. தம்பி அம்மாவோடு பூர்வீக வீட்டில் இருக்கிறார். அண்ணன் வெளியூரில் வேலை பார்க்கிறார், நோட்டீஸ் அனுப்பப் போவது அவர்தான்.

1. நோட்டீஸ் என்ன செய்யும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பாகப்பிரிவினை வழக்குப் போடும் முன் நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அனுப்பிவிட்டால் அதற்கு இரண்டு விளைவுகள் உண்டு.

ஒன்று, கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்குள்ள ஒருவர் "நான் பிரிந்துகொள்கிறேன்" என்று திட்டவட்டமாகச் சொல்லி, அது மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டால், நிலத்தில் கயிறு பிடித்து அளக்காவிட்டாலும் சட்டத்தின் பார்வையில் அவர் பிரிந்தவர்தான். உச்ச நீதிமன்றம் 1960களிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. அதற்குப் பிறகு குடும்பச் சொத்தைக் கவனித்துக்கொள்பவர் அதன் வருமானத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிவரும். அதனால் தம்பியைச் சும்மா மிரட்டிப் பார்க்க நோட்டீஸ் அனுப்பக் கூடாது. பிரிய முடிவெடுத்த பிறகுதான் அனுப்ப வேண்டும்.

இரண்டு, நாளை வழக்கு வந்தால் நீங்கள் அனுப்பிய நோட்டீஸை எதிர்த்தரப்பே கோர்ட்டில் ஆவணமாகத் தாக்கல் செய்யலாம். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் நீங்கள் ஒப்புக்கொண்ட வரி. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே சொல்லும் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

2. ஆவணங்களைச் சேருங்கள்

அப்பாவின் இறப்புச் சான்று, தாசில்தார் அலுவலகம் தரும் வாரிசுச் சான்று, மூலப் பத்திரங்கள், பட்டா, வீட்டு வரி ரசீது, வில்லங்கச் சான்று ஆகியவை கையில் இருக்க வேண்டும். பட்டா விவரமும் புல வரைபடமும் eservices.tn.gov.in தளத்தில் கிடைக்கும். வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்தில் எடுக்கலாம். இணையத்தில் இல்லாத பழைய காலத்துக்கு, சொத்து எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வருகிறதோ அங்கே விண்ணப்பித்துத் தேட வேண்டும்.

வில்லங்கச் சான்றை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், அப்பா தன் கடைசிக் காலத்தில் யாருக்காவது செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தாரா, நிலம் அடமானத்தில் இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். நோட்டீஸ் அனுப்பிய பிறகு தம்பியின் பதிலோடு ஒரு செட்டில்மெண்ட் பத்திர நகல் வந்தால், அதுவரை போட்ட கணக்கு முழுக்க மாறிவிடும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பழைய பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்று இருக்கும். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 40.5 ஏர். இரண்டையும் மாற்றிப் பார்த்து ஒத்துவருகிறதா என்று சரிபாருங்கள். ஒத்துவராவிட்டால் காரணம் தெரியும் வரை எழுத உட்காராதீர்கள். ரோடு போட எடுத்த நிலமாக இருக்கலாம், பழைய விற்பனையாக இருக்கலாம், சர்வேயில் நேர்ந்த பிழையாகவும் இருக்கலாம்.

ஊரில் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய கூர்ச்சீட்டு ஏதாவது இருந்தால் அதையும் வெளியே எடுங்கள். பதிவு செய்யாத காகிதம்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்ததன் குறிப்பு அது என்று எதிர்த்தரப்பு வாதாடும். நோட்டீஸில் நீங்களே அதைக் குறிப்பிட்டு, ஏன் அது நடைமுறைக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவது நல்லது.

3. சொத்து உண்மையிலேயே பூர்வீகமா என்று பாருங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். "தாத்தா காலத்துச் சொத்து" என்றால் பூர்வீகச் சொத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம், அவர் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956 ஜூன் 17க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து அப்பாவுக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அப்பாவின் தனிச் சொத்து. பிள்ளைகளுக்குப் பிறப்பால் அதில் உரிமை இல்லை. அப்பா உயிலில்லாமல் இறந்தால் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு.

நம் குடும்பத்தில் கதை வேறு. கொள்ளுத்தாத்தாவின் சொத்து 1948இல் நடந்த பதிவுப் பாகப்பிரிவினையில் தாத்தாவுக்கு வந்தது. பாட்டி முன்பே இறந்துவிட, தாத்தா 1951இல் இறந்தபோது அப்பா மட்டுமே வாரிசு. ஆகவே இது அப்பா கையில் பூர்வீகச் சொத்து. பிள்ளைகள் மூவருக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு.

"தங்கைக்கு 1985லயே கல்யாணம் ஆயிடுச்சே?" என்று கேட்பார்கள். தமிழ்நாட்டின் 1989 திருத்தம் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களுக்குப் பங்கு தரவில்லை என்பது உண்மை. ஆனால் 2005 செப்டம்பர் 9இல் நடப்புக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தமும், 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் அந்தத் தடையை எடுத்துவிட்டன. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் தீர்ப்பு மூலமோ பாகம் முடிந்திருந்தால் மட்டும் அதை மறுபடி கிளற முடியாது. "நகை போட்டோம், சீர் செய்தோம்" என்பது பங்கை விட்டுக்கொடுத்ததற்குச் சான்றாகாது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு.

4. பங்கைக் கணக்கிடுங்கள்

அப்பா இறப்பதற்குச் சற்று முன் பாகம் நடந்ததாக சட்டம் எண்ணிக்கொள்ளும். அப்பா, அண்ணன், தம்பி, தங்கை என நான்கு பேர், ஆளுக்கு நான்கில் ஒன்று. தென்னிந்திய வழக்கில் இந்தப் பாகத்தில் அம்மாவுக்குத் தனிப் பங்கு கிடையாது. அடுத்து அப்பாவின் அந்தக் கால் பங்கு அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும், ஆளுக்குப் பதினாறில் ஒன்று.

ஆகப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 5/16, அம்மாவுக்கு 1/16. இதே சொத்து அப்பாவின் தனிச் சொத்தாக இருந்திருந்தால் நால்வருக்கும் 1/4 வந்திருக்கும். சொத்து மொத்தம் 80 லட்சம் என்றால், அம்மாவின் பங்கு ஒரு கணக்கில் 5 லட்சம், மற்றதில் 20 லட்சம். மூன்றாவது படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவரும் அப்பாவின் பங்கில் வாரிசு. உடன்பிறந்தவர் ஒருவர் இறந்திருந்தால் அவர் குடும்பத்தாருக்கு அவருடைய பங்கு போகும். மைனர் குழந்தைகள் இருந்தால் அவர்கள் பெயரையும் காப்பாளர் பெயரோடு சேர்க்க வேண்டும். ஒரு வாரிசு விட்டுப்போனால்கூடப் பின்னால் வழக்கே நிற்காமல் போகலாம்.

5. முன்மொழிவை நிலத்தில் வைத்துப் பாருங்கள்

"எனக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடு" என்று மட்டும் எழுதினால் அது கோரிக்கை. யாருக்கு எது என்று எழுதினால்தான் அது முன்மொழிவு. பதில் சொல்பவர் கையில் பேச ஒரு பிடி கிடைக்கும்.

மதிப்புப் போடும்போது அரசின் வழிகாட்டி மதிப்பை மட்டும் நம்பாதீர்கள். ஒரே சர்வே எண்ணில் ரோட்டோரமும் உள்பக்கமும் அதில் ஒரே விலையாக இருக்கலாம். அக்கம்பக்கத்தில் அண்மையில் பதிவான விற்பனைப் பத்திரங்களைப் பாருங்கள். நம் குடும்பத்தில் கணக்கு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

- தார்ரோட்டை ஒட்டிய நஞ்சை 80 சென்ட், சென்ட் 40,000 ரூபாய், மொத்தம் 32 லட்சம்
- அதற்குப் பின்னால் உள்ள நஞ்சை 1 ஏக்கர் 20 சென்ட், சென்ட் 25,000 ரூபாய், மொத்தம் 30 லட்சம்
- மனையோடு வீடு 18 லட்சம்

மொத்தம் 80 லட்சம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு 25 லட்சம், அம்மாவுக்கு 5 லட்சம்.

வீட்டை மூன்றாக வெட்ட முடியாது. தம்பி அங்கேயே இருப்பதால் வீடு அவருக்கு, அதோடு பின் நிலத்தில் 28 சென்ட். 18ம் 7ம் சேர்ந்து 25 லட்சம். மீதி பின் நிலம் 92 சென்ட் அண்ணனுக்கு, 23 லட்சம். ரோட்டோர நிலம் முழுவதும் தங்கைக்கு, 32 லட்சம். தங்கைக்குக் கூடுதலாக வரும் 7 லட்சத்தில் 2 லட்சம் அண்ணனுக்கும் 5 லட்சம் அம்மா பெயரில் வங்கி வைப்பாகவும் போகும். எல்லோர் கணக்கும் நேராகிவிடும். தங்கையால் ஏழு லட்சம் புரட்ட முடியாவிட்டால் அவருக்கு 62.5 சென்ட் மட்டும் கொடுத்து, மீதி 17.5 சென்டை அம்மாவுக்கும் அண்ணனுக்கும் பிரிக்கலாம். ஆனால் அண்ணனுக்கு வரும் 5 சென்ட் துண்டு எதற்கும் உதவாது. அதனால்தான் பணமாகச் சமன் செய்வதை முதல் வழியாக வைக்கிறேன்.

நோட்டீஸ் அனுப்புகிறவர் ரோட்டோரத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பின் நிலத்தைக் காட்டினால், முன்மொழிவை யாரும் இரண்டாம் பக்கம் வரை படிக்க மாட்டார்கள். முடிந்தால் இரண்டு மாற்று வழிகளை எழுதுங்கள். மற்றவர்களை முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

பின் நிலத்துக்கு வண்டி போகும் பாதையும் வாய்க்கால் தண்ணீரும் முன் நிலம் வழியாகத்தான் வருகின்றன என்றால், அதைத் தனியாக எழுத வேண்டும். பாதையின் அகலம் எத்தனை அடி, எந்த வரப்பை ஒட்டி என்பதுவரை குறிப்பிடுங்கள். இப்போது ஒரே குடும்பம் என்பதால் யாரும் தடுப்பதில்லை. நாளை தங்கை அந்த இடத்தை வெளியாளுக்கு விற்றால் உழவு மாடுகூட உள்ளே போகாது.

அம்மா அதே வீட்டில் ஆயுள் முழுக்க இருக்கும் உரிமையையும் எழுதுங்கள். அவருடைய 1/16 பங்குக்கு மேலாக இதைத் தருவதில் பிள்ளைகள் யாரும் யோசிக்கக் கூடாது என்பது என் கருத்து. தம்பி தன் பணத்தில் மாடி கட்டியிருந்தால், மாடியின் மதிப்பைப் பொதுக் கணக்கில் சேர்க்காமல் கீழ்வீட்டையும் மனையையும் மட்டும் மதிப்பிடுவதுதான் நியாயம்.

6. எழுதும் வரிசை

வக்கீல் அனுப்பும் நோட்டீஸ் "என் கட்சிக்காரர்" என்று படர்க்கையில் போகும். நீங்களே எழுதி அனுப்பவும் தடையில்லை. எப்படியானாலும் வரிசை இதுதான்: யார் யாருக்கு அனுப்புகிறார், குடும்ப வழிமுறை, சொத்து வந்த விதம், இப்போது யார் எதை அனுபவிக்கிறார், ஒவ்வொருவர் பங்கு, முன்மொழிவு, பதிலுக்கான காலம், கடைசியில் சொத்து விவரம்.

சொத்து விவரத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை எல்லாம் இருக்க வேண்டும். குடும்பச் சொத்து ஒன்றையும் விடக் கூடாது. உங்கள் அனுபவத்தில் இருப்பதை விட்டுவிட்டுத் தம்பியிடம் இருப்பதை மட்டும் எழுதினால், "பகுதிப் பாகம் கேட்கிறார்" என்ற ஆட்சேபணை வரும். குடும்பத்துக்காக வாங்கிய கடன் பாக்கியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

> கீழ்க்கண்ட சொத்துகள் நம் குடும்பத்தின் பூர்வீகச் சொத்துகள். நம் தந்தையார் 2019இல் உயில் ஏதும் எழுதாமல் காலமானார். இன்றுவரை சொத்துகள் பிரிக்கப்படாமல் நம் அனைவரின் கூட்டு அனுபவத்தில் இருந்து வருகின்றன. தம்பியாகிய தாங்கள் வீட்டில் குடியிருந்து நிலத்தைக் கவனித்து வருவதும் அனைவரின் சார்பிலேயே.
>
> இனிச் சொத்துகளைப் பிரித்துத் தனித்தனியே அனுபவிக்க விரும்புகிறேன். அதற்கான என் முன்மொழிவு கீழே உள்ளது. இது சுமுகத் தீர்வுக்காகச் சொல்லப்படுவது. ஏற்கப்படாத நிலையில் என் சட்டப்படியான உரிமைகளை இது பாதிக்காது.
>
> இதில் மாற்றம் வேண்டுமானால் தெரிவிக்கவும். இந்த நோட்டீஸ் கிடைத்த 30 நாட்களுக்குள் பேசி முடிவு செய்து, அனைவரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்ய வேண்டுகிறேன். அதுவரை யாரும் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கடைசி வரி வேண்டுகோள் மட்டும்தான், அதற்குத் தடை உத்தரவின் பலம் கிடையாது. சொத்து கை மாறிவிடும் என்ற பயம் உண்மையிலேயே இருந்தால் 30 நாள் காத்திருக்காமல் வழக்குப் போட்டுத் தடை கேட்பதுதான் வழி.

7. எழுதக் கூடாத வரிகள்

"தம்பி என்னை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை, ஐந்து வருடமாக ஒரு மூட்டை நெல் தரவில்லை, என்னை விரட்டிவிட்டார்." கோபத்தில் வரும் வரி இது, பலமான குற்றச்சாட்டு என்று நினைத்து எழுதுகிறார்கள். ஆனால் நாளைக்கு வழக்கின் செலவை ஏற்றுவது இதே வரிதான்.

தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி, சொத்து கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்று வழக்குப் போட்டால் கட்டணம் சிறிய நிலையான தொகை. அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் என்றால் தன் பங்கின் சந்தை மதிப்புக்கு ஏற்பக் கட்ட வேண்டும். 25 லட்சம் பங்குக்கு அது சின்னத் தொகையாக இருக்காது. அதோடு, விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 வருடம் என்ற காலவரம்பும் ஓட ஆரம்பிக்கும். அண்ணன் வெளியூரில் வேலை பார்ப்பதால் மட்டும் அவர் அனுபவத்தை இழந்தவர் ஆகிவிட மாட்டார். கூட்டுரிமையாளர் ஒருவர் குடியிருந்தால் அது எல்லோருக்காகவும்தான். உண்மையிலேயே விலக்கப்பட்டிருந்தால் மறைக்கச் சொல்லவில்லை. அப்படி இல்லாதபோது ஆத்திரத்தில் அதை எழுதிவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதேபோல "வீட்டை நீ உன் பணத்தில் கட்டினாய்" என்று தாராளமாக எழுதினால், மனையோடு சேர்த்து வீடு முழுவதும் தன்னுடையது என்று வாதாட வழி கொடுத்ததாகிவிடும். எந்தப் பகுதியை யார் கட்டினார்கள் என்று அளவோடு சொல்லுங்கள். போலீஸ், கிரிமினல் வழக்கு என்ற பேச்சும் வேண்டாம். பாகம் கேட்பது சிவில் விவகாரம்.

8. அனுப்புவது

அனுப்பும் முன் எல்லோருக்கும் போன் செய்து, "நோட்டீஸ் வரும், சண்டைக்கு இல்லை, கணக்கு எழுத்தில் இருக்கட்டும்னுதான்" என்று சொல்லுங்கள். முக்கியமாக அம்மாவிடம் நேரில் சொல்லுங்கள். தபால்காரர் கையெழுத்து வாங்கும்போதுதான் அவருக்குத் தெரிய வருவது என்றால், அதற்குப் பிறகு எந்தக் கணக்கும் வீட்டில் எடுபடாது.

ஒரே வீட்டில் இருந்தாலும் அம்மாவுக்கும் தம்பிக்கும் தனித்தனி உறை. தங்கையின் உறையில் அவர் பெயர் இருக்க வேண்டும், மாப்பிள்ளை பெயர் அல்ல. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. தபால் அலுவலகத்தில், முகவரியாளர் கையில் மட்டும் கொடுக்கும் பதிவு வசதியும் ஒப்புகையும் வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். ரசீதையும் இணையத்தில் காட்டும் பட்டுவாடா விவரத்தின் அச்சையும் நோட்டீஸ் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க மறுத்து உறை திரும்பினால் அதைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சரியான முகவரிக்குப் போய் மறுக்கப்பட்ட கடிதத்தைக் கோர்ட் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும். பிரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்ற கேள்வி வரும்.

9. பதில் வந்த பிறகு

வரும் பதிலில் எதை ஒப்புக்கொள்கிறார்கள், எதை மறுக்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். பங்கை மறுக்கவில்லை, மதிப்பில்தான் தகராறு என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. இருதரப்புக்கும் பொதுவான ஒரு மதிப்பீட்டாளரை வைத்துக்கொள்ளலாம். பேச்சு இழுத்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். அங்கே லோக் அதாலத்தில் முடிந்தால் அந்த முடிவுக்குக் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு, அதன்மேல் அப்பீல் கிடையாது.

எல்லோரும் ஒத்துக்கொண்டால் சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்டு, வரைபடம் போட்டு, அதைப் பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு இணைத்துப் பதிவு செய்யுங்கள். அளக்கும் முன் பத்திரம் எழுதக் கூடாது. காகிதத்தில் 92 சென்ட் என்று போட்டு, நிலத்தில் 88தான் இருந்தால், அந்த நான்கு சென்டுக்கு மறுபடி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிவரும். பதிவு முடிந்த கையோடு உட்பிரிவுப் பட்டாவுக்கும் விண்ணப்பியுங்கள். அது வரும்வரை வருவாய்க் கணக்கில் பழைய பட்டாவே நிற்கும்.

30 நாளில் பதிலே இல்லை என்றால், ஒரே ஒரு நினைவூட்டுக் கடிதம் போதும். அதற்கு மேல் நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்புவதில் பயனில்லை. சொத்து இருக்கும் எல்லைக்குரிய சிவில் கோர்ட்டில், இதே சொத்து விவரத்தையும் இதே பங்குக் கணக்கையும் வைத்து வழக்குப் போடலாம். அங்கே முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பு வரும். நிலத்தைப் பிரிக்க ஒரு ஆணையரைக் கோர்ட் நியமித்து, அவர் அறிக்கைக்குப் பிறகுதான் இறுதித் தீர்ப்பு. இந்த இரண்டாம் கட்டம் இருக்கிறது என்பதை மறந்து, முதல்நிலைத் தீர்ப்போடு வழக்கு முடிந்ததாக நினைத்து வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.